செய்முறையும் ஆர்டரும் ஒரே சீட்டில்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை மாங்காய் ஊறுகாய் வியாபாரத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் நத்தம் பக்கம். எங்கள் ஊரில் மாந்தோப்புக்குக் குறைவில்லை. அதனால் ஊறுகாய் போடத் தெரியாத வீடும் கிடையாது. இங்கே இருக்கிற உங்களுக்கும் ஊறுகாய் போடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் போடுவது வேறு, விற்கப் போடுவது வேறு. வீட்டு ஜாடியில் மேலே லேசாப் பூத்தால் நாம் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். காசு கொடுத்து வாங்கினவர் வீட்டில் அது நடந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது. அவர் அண்டை வீட்டு ஆர்டரும் கிடையாது.

நான் விற்கிற ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு சீட்டு போகும். வாட்ஸ்அப்பிலும் அதையே போடுவேன். மேல்பாதியில் செய்முறை, கீழ்ப்பாதியில் ஆர்டர் விவரம். "செய்முறையைச் சொல்லிட்டா அவங்களே போட்டுக்க மாட்டாங்களாக்கா?" என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். சீட்டைப் படித்துவிட்டுப் பத்து கிலோ மாங்காய் வெட்டி, மூன்று நாள் கிளறி, மொட்டை மாடியில் காக்கா விரட்டி, இருபது நாள் காத்திருக்கிறவர் முதலிலேயே நம்மிடம் வாங்க மாட்டார். அவர் வீட்டிலேயே ஜாடி இருக்கும். நம்மிடம் வாங்குகிறவருக்கு நேரமில்லை, இல்லையென்றால் மொட்டை மாடி இல்லை. செய்முறையைப் படித்தவர் என்ன செய்கிறார் தெரியுமா? "ஏன் இருபது நாள்?" என்று கேட்பதில்லை. "ஏன் எண்ணெய் மேலே நிக்குது?" என்று சண்டைக்கு வருவதில்லை. ஈரக் கரண்டி போடுவதில்லை. எத்தனை பாட்டில் வரும், எப்போது கிடைக்கும், என்ன விலை, எத்தனை நாள் இருக்கும் என்பதெல்லாம் செய்முறைக்குள்ளேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆர்டர் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

பக்கத்து ஊராட்சியில் நல்ல கைப்பக்குவம் உள்ள ஒரு சகோதரி. போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு விசேஷ வீட்டுக்கு நூறு பாட்டில் ஆர்டர் வந்தது. பத்து நாளில் வேண்டும் என்றார்கள். சந்தோஷத்தில் சரி சொல்லிவிட்டார். நல்ல காய் முடிந்துபோன நேரம், கிடைத்த காயில் பாதி செங்காய். அந்த வாரம் வானம் மூட்டமாகவே இருந்தது, காயவைக்க வழியில்லை. உப்பில் ஊறிய துண்டை அப்படியே மிளகாய்த்தூள் போட்டுக் கிளறி, அளவு கூடட்டும் என்று காய்ச்சி ஆறிய தண்ணீரும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிட்டார். மூன்றாம் வாரம் மூடி உப்பி, திறந்தால் நுரை. பாதிக்கு மேல் திரும்பி வந்தது. கடன் வாங்கிச் செய்த வேலை. அந்தச் சகோதரிக்குக் கைப்பக்குவத்தில் குறையே இல்லை. அந்த ஆர்டர்தான் செய்முறைக்குப் பொருந்தாத ஆர்டர்.

இனி என்னுடைய பத்து கிலோ மாங்காயை எடுத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு நான் பத்து கிலோதான் போடுவேன். என் பெரிய ஜாடிக்கும், மொட்டை மாடித் தட்டுகளுக்கும் அதுதான் கணக்கு.

காய் நாட்டுக் காயாக, நல்ல புளிப்பாக, முற்றியதாக, கல் மாதிரி இருக்க வேண்டும். வெட்டினால் சதை வெளிறி வெள்ளையாக இருக்கணும். மஞ்சள் ஓடியிருந்தால் அந்தக் காய் இனிப்பு ஏற ஆரம்பித்துவிட்டது, ஊறினால் குழைந்துவிடும். சித்திரை, வைகாசிக் காற்றில் உதிர்ந்த காய் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆசைப்பட வேண்டாம். விழுந்து அடிபட்ட இடம் வெளியே தெரியாது, உப்பில் போட்ட மறுநாள் பழுப்பாகி நசநசவென்று ஆகும்.

முழுக் காயாகவே கழுவி, துணியில் துடைத்து, காற்றாடிக்கடியில் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். வெட்டின பிறகு கழுவக் கூடாது. அரிவாள்மனை, தட்டு, கை எல்லாமே உலர்ந்திருக்க வேண்டும். கொட்டையை நீக்கி வெட்டினால் பத்து கிலோவில் ஏழு கிலோ துண்டு நிற்கும். இந்த இடத்தில் கட்டாயம் நிறுத்துப் பாருங்கள். உப்பு மாங்காய்க்கு அல்ல, துண்டுக்குத்தான் கணக்கு.

ஒரு கிலோ துண்டுக்கு 150 கிராம் கல் உப்பு. ஏழு கிலோவுக்கு ஒரு கிலோ 50 கிராம். உப்பைப் படியால் அளக்காதீர்கள். ஒரு படி கல் உப்பும் ஒரு படி தூள் உப்பும் ஒரே எடை கிடையாது. கல் உப்பில் இடைவெளி அதிகம், அதனால் எடை குறையும். "எங்கம்மா கை அளவுலதான் போடுவாங்க" என்றால், அம்மா நாற்பது வருடம் அதே கை, அதே ஜாடி. நமக்குத் தராசு வேண்டும். உப்பை ஒரு நாள் வெயிலில் காயவைத்தோ, வெறும் வாணலியில் வறுத்தோ ஈரம் போக்கிக்கொள்ளுங்கள்.

துண்டையும் உப்பையும் 50 கிராம் மஞ்சள் தூளையும் ஜாடியில் கலந்து, மூன்று நாள் காலையும் மாலையும் காய்ந்த கரண்டியால் அடிவரை கிளறி விடுங்கள். உப்பு காயிலிருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும், உப்பு காய்க்குள்ளே போகும். ஊறுகாய் கெடாமல் நிற்பதற்கு அதுதான் காரணம். காயின் புளிப்பு ஒரு காவல், உப்பு ஒரு காவல், மேலே நிற்கிற எண்ணெய் ஒரு காவல். எண்ணெய் பூஞ்சைக்குக் காற்று கிடைக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். உப்பும் புளிப்பும் குறைந்தால் எண்ணெய் எத்தனை ஊற்றினாலும் காப்பாற்றாது. இதைப் பலர் மாற்றிப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

நாலாம் நாள் துண்டுகளை வடித்து எடுத்து வெயிலில் பரப்புங்கள். ஊறல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில்தான் உப்பும் புளிப்பும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஜாடியையும் மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். சாயந்தரம் துண்டின் ஓரம் சுருங்கி, வளைத்தால் ஒடியாமல் வளையும். அதுதான் பதம். திரும்ப ஊறல் தண்ணீரில் போட்டுவிடலாம். எட்டு கிலோவாக இருந்தது ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். குறைந்தது அத்தனையும் தண்ணீர். அந்த ஒரு கிலோவை இழக்க மனசில்லாதவர்கள் பூஞ்சைக்கு இடம் வைக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிறகு 700 கிராம் மிளகாயை நீங்களே காயவைத்து அரைத்த தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் 70 கிராம், கடுகு 100 கிராம், பெருங்காயம் 30 கிராம். நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர். ஒன்றேகால் லிட்டரைச் சூடுபண்ணி, லேசாகப் புகை வரும்போது பாதிக் கடுகைப் பொரித்து இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். மீதிக் கடுகு பொடியாகப் போகும். கொதிக்கிற எண்ணெயை ஊற்றினால் மிளகாய்த்தூள் கறுத்து, கசப்பு ஏறும். கால் லிட்டரைக் காய்ச்சி ஆறவைத்துத் தனியே வைத்திருங்கள். ஒரு வாரத்தில் துண்டு எண்ணெயை உறிஞ்சி மட்டம் இறங்கும், அப்போது அதை மேலே ஊற்றினால் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்.

அப்புறம் பன்னிரண்டு நாள் ஜாடியிலேயே இருக்கட்டும். காய் வெட்டின நாளிலிருந்து பாட்டிலில் அடைக்கிற நாள் வரை பதினேழு, பதினெட்டு நாள் ஆகும். அதனால்தான் என் சீட்டில் "20 நாள்" என்று போட்டிருக்கிறேன். அவசரம் என்று கேட்கிறவர்களிடம், ஜாடியில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த ஜாடி என்று சொல்லிவிடுவேன். வருத்தப்பட்டுக்கொண்டு போனவர்கள் திரும்ப வந்திருக்கிறார்கள்.

இப்போது காசுக்கு வருவோம். நான் சொல்லப்போவது எங்கள் பக்கத்தில் நான் வாங்கிய விலை. உங்கள் ஊரில் மாறும், கணக்குப் போடுகிற விதம் மாறாது.

மாங்காய் பத்து கிலோ 400 ரூபாய். நல்லெண்ணெய் ஒன்றரை லிட்டர் 600. மிளகாய், அரவைக்கூலி சேர்த்து 200. உப்பு, மஞ்சள், கடுகு, வெந்தயம், பெருங்காயம் 130. மொத்தம் 1,330 ரூபாய். ஜாடியில் ஒன்பது கிலோ சுமாருக்கு ஊறுகாய் நிற்கும். கரண்டியில், ஜாடியில் ஒட்டியது போக 250 கிராம் பாட்டில் 35 வரும். 1,330-ஐ 35-ஆல் வகுத்தால் ஒரு பாட்டிலுக்கு 38 ரூபாய். நம்மில் பலர் இதோடு நிறுத்திவிட்டு, "38 ரூபாய் அடக்கம், 70 ரூபாய்க்கு விக்கிறேன், 32 ரூபாய் லாபம்" என்று சந்தோஷப்படுகிறோம்.

பாட்டில், மூடி, உள்சீல் சேர்த்து 12 ரூபாய், லேபிள் 2 ரூபாய். 35 பாட்டிலுக்கு 490. கேஸ், மாங்காய் ஏற்றிவந்த ஆட்டோ 100. அடுத்தது நம் கூலி. இங்கேதான் எல்லாரும் சிரிப்பீர்கள். நான் கடிகாரம் பார்த்து எழுதி வைத்தேன். கழுவித் துடைத்து வெட்ட இரண்டு பேர் மூன்று மணி நேரம், அது ஆறு மணி. மூன்று நாள் கிளறியது மொத்தம் ஒரு மணி. காயவைத்து, காவலிருந்து எடுத்தது இரண்டு மணி. வறுத்துப் பொடித்துக் கலந்தது இரண்டு மணி. பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டியது மூன்று மணி. ஆக 14 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்றால் 840.

எல்லாம் கூட்டினால் 2,760 ரூபாய். 35 பாட்டிலில் ஒன்றை நான் விற்க மாட்டேன், அந்த ஜாடியின் சாட்சியாக அலமாரியில் இருக்கும். இன்னொன்று ருசி பார்க்கக் கொடுக்க. மிச்சம் 33. 2,760-ஐ 33-ஆல் வகுத்தால் 84 ரூபாய் அடக்கம். 70-க்கு விற்றவர் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 14 ரூபாய் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். அது எங்கே போனது என்று தெரியாது, ஏனென்றால் அவர் கூலியிலிருந்து போனது. கூலியை அவர் எழுதவே இல்லை.

"நம்ம வேலைக்கு நாமளே கூலி போட்டுக்கிறதா?" என்று ஒரு அக்கா கேட்டார். மாங்காய் வெட்ட நாளைக்கு உங்களுக்கு முடியவில்லை, பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிறீர்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா? ஆர்டர் கூடும்போது ஆள் வைக்க முடியாமல் நிற்கிறவர்கள் எல்லாம் இந்தக் கூலியை விலையில் சேர்க்காதவர்கள்தான்.

நான் 120 ரூபாய் வைக்கிறேன். நேரில் விற்றால் பாட்டிலுக்கு 36 ரூபாய் நிற்கும். கடையில் வைத்தால் நூற்றுக்கு இருபது கழிவு கேட்கிறார்கள், 24 ரூபாய் போய் 96 கைக்கு வரும், 12 ரூபாய் நிற்கும். 100 ரூபாய் வைத்திருந்தால் கடைக்குக் கொடுக்கும்போது 80தான் வரும், அடக்கத்துக்கும் கீழே. அதனால் விலை போடும்போதே கடைக்கழிவை மனதில் வைத்துப் போடுங்கள். நேரில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று வைத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்க மாட்டார்.

வெளியூர் ஆர்டர். கூரியரில் எடைக்குப் படிப்படியாகக் காசு. ஒரு கிலோவைத் தாண்டினால் அடுத்த படி. என் பாட்டில் மூடியோடு 30 கிராம், ஊறுகாயோடு 280 கிராம். மூன்று பாட்டில் 840, அட்டைப்பெட்டி, காகிதம் 120, ஆக 960 கிராம். ஒரு கிலோவுக்குள் அடங்கும். நாலாவது பாட்டில் வைத்தால் கிலோ தாண்டிவிடும், அந்த ஒரு பாட்டிலுக்காக அடுத்த படிக் காசு. அதனால் வெளியூருக்கு மூன்று அல்லது ஆறு என்றுதான் எடுப்பேன். ஆறு பாட்டில் பெட்டியோடு இரண்டு கிலோவுக்குள் அடங்கும். சீட்டில் அதை எழுதின நாளிலிருந்து "ரெண்டு அனுப்புங்க", "நாலு அனுப்புங்க" என்று வருவது நின்றுவிட்டது.

அடைக்கும்போது வாய் வரை நிரப்பாதீர்கள். வண்டிச் சூட்டில் எண்ணெய் விரியும், அரை விரல்கடை விடுங்கள். உள்சீல் ஒட்ட வேண்டிய விளிம்பில் எண்ணெய் பட்டால் சீல் பிடிக்காது, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டணும். மூடியைச் சுற்றி டேப், ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனிக் கவரில். பெட்டியை அசைத்தால் உள்ளே ஆடக் கூடாது. ஒரு பாட்டில் கசிந்தால் மூன்று லேபிளும் எண்ணெயில் ஊறி எழுத்து போய்விடும்.

லேபிள் என்றதும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு ஞாபகத்துக்கு வரணும். நம்மைப் போல வீட்டில் சிறு அளவில் செய்கிறவர்களுக்குப் பெரிய உரிமம் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் தருவார்கள், அது லேபிளில் இருக்க வேண்டும். அதோடு பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், ஜாடி எண், விலை, நம் முகவரி, பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. நிகர எடை என்றால் பாட்டில் எடை சேராது. சேர்மானத்தை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். பெருங்காயத்தில் மட்டும் கவனம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், அதை நம் லேபிளிலும் எழுத வேண்டும்.

எத்தனை மாதம் என்று எப்படிப் போடுவது? பலர் யோசிக்காமல் ஒரு வருடம் என்று போடுகிறார்கள். நான் ஆறு மாதம் போடுகிறேன். அலமாரியில் இருக்கிற சாட்சி பாட்டில்தான் எனக்கு ஆதாரம். யாராவது குறை சொன்னால் லேபிளில் இருக்கிற ஜாடி எண்ணைக் கேட்பேன், அதே ஜாடி பாட்டிலை எடுத்துப் பார்ப்பேன். அது நன்றாக இருந்தால் அவர்கள் வீட்டில் ஈரக் கரண்டி போயிருக்கிறது. அதுவும் கெட்டிருந்தால் அந்த ஜாடியில் போன 33 பாட்டிலுக்கும் போன் பண்ணித்தான் ஆக வேண்டும். அதற்காகவே யாருக்கு எந்த ஜாடி போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம் குழுத் தீர்மான நோட்டு மாதிரி, அன்றன்றைக்கே எழுதினால்தான் உண்டு.

கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் நுரைத்தாலோ உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது, உப்பு போதவில்லை அல்லது தண்ணீர் நின்றிருக்கிறது. மேலே வெள்ளை ஆடையோ, பச்சை, கறுப்புப் பூஞ்சையோ தெரிந்தால் துண்டு எண்ணெய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்திருக்கும். சிக்கு வாடை என்றால் எண்ணெய் பழசு அல்லது பாட்டில் வெயிலில் இருந்திருக்கிறது. எதுவானாலும் வழித்துப்போட்டு விற்கக் கூடாது, மறுபடி சுடவைத்தும் விற்கக் கூடாது.

என் சீட்டைப் படித்துக் காட்டுகிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"வெயிலில் காய்ந்த கார மாங்காய். நாட்டு மாங்காயைக் கொட்டை நீக்கி வெட்டி, ஒரு கிலோ துண்டுக்கு 150 கிராம் கல் உப்பு, மஞ்சள் சேர்த்து மூன்று நாள் ஊறவைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மிளகாய்த்தூள், வெந்தயம், கடுகு, பெருங்காயம், நல்லெண்ணெய் சேர்த்து 12 நாள் ஜாடியில் ஊறியது. தண்ணீர் சேர்க்கவில்லை. பெருங்காயத்தில் கோதுமை உண்டு. உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடவும். காய்ந்த கரண்டி மட்டும் போடவும். எண்ணெய் மட்டம் குறைந்தால் நல்லெண்ணெய் காய்ச்சி ஆறவைத்து ஊற்றவும்.

250 கிராம் 120 ரூபாய். ஒரு ஜாடிக்கு 33 பாட்டில் மட்டும். பணம் பாதி முன்பணம், மீதி அனுப்பும் முன். ஆர்டர் கொடுத்த 20 நாளில் கிடைக்கும். வெளியூருக்கு 3 அல்லது 6 பாட்டில், கூரியர் கட்டணம் தனி. ஜூன் மாதத்துக்குப் பிறகு புது ஜாடி போடுவதில்லை, இருப்பு உள்ளவரை."

முன்பணம் பாதி வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 33 பாட்டிலுக்குப் பாதி 1,980 ரூபாய். பொருளுக்கும் பாட்டிலுக்குமான 1,820 அதிலேயே அடங்கிவிடும். குழுவில் உள்கடன் எடுக்காமலே ஜாடி போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மாங்காய் வாங்கினவர்கள் உடனே, "பூண்டு ஊறுகாய் போடுவீங்களா?" என்று கேட்பார்கள். இதே செய்முறையில் மாங்காய்க்குப் பதில் பூண்டைப் போட்டு எண்ணெய் ஊற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாங்காய்க்குத் தன் புளிப்பு உண்டு, பூண்டுக்கு இல்லை. புளிப்பில்லாத பொருள் எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் கிடந்தால் போட்டுலினம் என்கிற கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்கக்கூடும். அது வளர்ந்தால் பல நேரம் நுரைக்காது, நிறம் மாறாது, வாடையும் வராது. சாப்பிட்டவருக்குப் பார்வை மங்கும், நாக்குக் குழறும், மூச்சுத் தசை வரை செயலிழந்துபோகும். அதனால் பூண்டு ஊறுகாய் என்றால் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ தாராளமாகச் சேர வேண்டும், அது பூண்டின் உள்ளே வரை ஊறியிருக்க வேண்டும். புளிப்பை அளக்கும் அளவில் 4.6-க்குக் கீழே இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆர்டர். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே சோதிப்பது என்று வழி சொல்வார்கள். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒன்றிய அரசு நிறுவனம் இருக்கிறது, அங்கே பயிற்சியும் உண்டு. நான் இதுவரை பூண்டு ஆர்டர் எடுக்கவில்லை. சோதனை முடித்துக்கொண்டு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

இரண்டு ஜாடி கொண்டுவந்து பின்னால் மேசையில் வைத்திருக்கிறேன். ஒன்று மூன்றாம் நாள் ஊறல், ஒன்று ஊறி முடிந்தது. துண்டை வளைத்துப் பாருங்கள், பதம் கையில்தான் தெரியும். பக்கத்தில் தராசும் இருக்கிறது, வெற்றுச் சீட்டும் இருக்கிறது. எலுமிச்சை போடுகிறவர்கள், நார்த்தங்காய் போடுகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் வாருங்கள், உங்கள் கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடலாம்.